பால் பொங்கிய பிறகு

என் ராத்தா முதற் பிள்ளையை வயிற்றில் சுமந்து ஐந்து மாதமாகியிருந்தபோது, எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு சின்ன வழக்கு நடந்தது. வழக்குக்குப் பொருள் ஒரு போத்தல் பசுப்பால்.

2021 இல் கடைகளில் பால்மா கிடைக்காமற் போன நாள்களில்தான் நாங்கள் பால்காரக் காக்காவிடம் பால் வாங்கத் தொடங்கினோம். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் ஒரு போத்தல் வரும். எப்போதாவது அஸருக்குப் பிறகும் ஒன்று வரும். எங்கள் மூத்தம்மா அந்தப் பாலைக் காலையில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று மூன்று முறை காய்ச்சுவார். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அடுப்பில் கிடக்கும். "மூணு தரம் பொங்கினாத்தான் மகள் அது பால்" என்பது அவருடைய தீர்ப்பு.

ராத்தாவின் மாமியாருக்கு இதற்கு நேர்மாறான தீர்ப்பு. காய்ச்சினால் சத்தெல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்று அவர் நம்பினார். அதனால் கொதிக்கும் தேநீரைக் கோப்பையில் பாதிக்கு ஊற்றி, மீதிப் பாதிக்குப் பச்சைப் பாலை ஊற்றி ராத்தாவுக்குக் கொடுத்து வந்தார். "சூடு பட்டுட்டுத்தானே, கிருமி செத்திரும். சத்தும் போகாது" என்பது அவர் சொன்ன நியாயம்.

இரண்டு பேருமே ராத்தாவின் மேல் உள்ள அன்பினால்தான் சொன்னார்கள். ராத்தா இரண்டு பேரையும் மனம் நோகச் செய்ய விரும்பாமல் என்னிடம் கேட்டாள். "நீ உயிரியல் படிக்கிறாய்தானே, எது சரி என்று பார்த்துச் சொல்." பாடப் புத்தகத்தையும் விஞ்ஞான ஆசிரியையையும் ஒரு வெப்பமானியையும் துணைக்கு வைத்துக்கொண்டு நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

பச்சைப் பாலில் என்ன இருக்கிறது?

நோயற்ற மாட்டின் மடிக்குள் இருக்கும் பாலில் நுண்ணங்கிகள் மிகக் குறைவு. அது வெளியே வரும்போதுதான் மடியின் தோலிலிருந்தும், கறப்பவர் கையிலிருந்தும், வாளியிலிருந்தும், சாணத்திலிருந்தும், சில வேளைகளில் கலக்கப்படும் கிணற்றுத் தண்ணீரிலிருந்தும் அவை வந்து சேர்கின்றன. சல்மொனெல்லா, ஈ.கோலை, கம்பைலோபக்டர், லிஸ்ரீரியா போன்றவை இவ்வழியால் வரக்கூடியவை. மாடே நோயுற்றிருந்தால் காசநோய்க் கிருமியும் புரூசெல்லாவும் பாலிலேயே சுரந்து வரலாம். அப்போது மாடு பார்வைக்குக் கொழுத்துத்தான் இருக்கும். பாலும் வெள்ளையாய், வாசமாய்த்தான் இருக்கும். கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க வழியில்லை.

புரூசெல்லாவின் கதை படிக்கத் தக்கது. மத்தியதரைக் கடலிலுள்ள மோல்ட்டாத் தீவில் இருந்த பிரித்தானியப் படையினருக்கு விட்டுவிட்டு வரும் ஒரு காய்ச்சல் நெடுங்காலமாகத் தொல்லை கொடுத்து வந்தது. 1887 இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் அதன் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரியவில்லை. 1905 இல் தெமிஸ்ரொக்ளிஸ் சமிற் என்ற மோல்ட்டா நாட்டு வைத்தியர், நோயே இல்லாதவை போலத் தெரிந்த உள்ளூர் ஆடுகளில் அது இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு படையினருக்குப் பச்சை ஆட்டுப்பால் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சலும் விரைவில் குறைந்துபோனது. மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கப்படவில்லை. பச்சைப் பால் நின்றது, அவ்வளவுதான்.

இந்தக் கிருமி நம் நாட்டு மாடுகளிடையேயும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு லிஸ்ரீரியாவும் புரூசெல்லாவும் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியவை. இதைப் படித்த அன்றுதான் ராத்தாவின் கேள்வி வெறும் ருசியைப் பற்றியது அல்ல என்பது எனக்கு உறைத்தது.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

பால் ஆலைகளில் செய்யப்படும் பாச்சர் முறைக்கு இரண்டு கணக்குகள் உண்டு. பாலை 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அல்லது 72 பாகையில் 15 விநாடி வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன நோய்க் கிருமிகளுக்கு இரண்டும் போதும்.

இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சூடு ஒன்பது பாகைதான் கூடியிருக்கிறது. நேரமோ அரைமணியிலிருந்து பதினைந்து விநாடியாக, அதாவது 120 இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கிருமி சாகும் வேகம் சூட்டோடு சேர்ந்து படிப்படியாக அல்ல, பாய்ந்து பாய்ந்து ஏறுகிறது என்பதே இதன் பொருள். ஆகவே 100 பாகைக்கு அருகில் கொதிக்கும் பாலில் இந்தக் கிருமிகளுக்கு நிமிடக் கணக்கே தேவையில்லை. அடுப்பில் பால் 72 இலிருந்து கொதிநிலைக்கு ஏறும் அந்தச் சில நிமிடங்களிலேயே காரியம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் எதற்காகக் கொதிக்க வைக்க வேண்டும்? குசினியில் வெப்பமானி இல்லை என்பதற்காகத்தான். 72 பாகையைக் கண்ணால் காண முடியாது, கொதியைக் காணலாம். நுவரெலியாவைப் போல உயர்ந்த இடத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கேயும் கொதித்த பால் வேண்டிய சூட்டை நன்றாகத் தாண்டியே நிற்கும்.

இனி மாமியின் தேநீர்க் கணக்கைப் பார்ப்போம். கோப்பையில் ஊற்றிய தேநீர் 90 பாகை என்றும், பச்சைப் பால் 30 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சம அளவில் கலந்தால் இரண்டுக்கும் நடுவே, அதாவது 60 பாகையில் வந்து நிற்கும். நாக்கைச் சுடுவதற்கு அது தாராளமாகப் போதும். கிருமிக்குப் போதாது. 63 பாகையிலேயே அரைமணி நேரம் வேண்டும் என்று பார்த்தோம். கோப்பையோ ஊற்றிய நிமிடத்திலிருந்தே ஆறத் தொடங்கிவிடுகிறது. பாலைக் குறைத்து, தேநீரைக் கூட்டி ஊற்றினால் சூடு சற்றுக் கூடும்தான். ஆனால் எத்தனை பாகையில் எத்தனை விநாடி நின்றது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பிக் கர்ப்பிணிக்குக் கொடுக்க முடியாது.

பொங்குவது வேறு, கொதிப்பது வேறு

ஒரு வெள்ளிக்கிழமை, வெப்பமானியை வைத்துக்கொண்டு ஒரு லீற்றர் பாலைக் காய்ச்சினேன். அலுமினியச் சட்டி, பெரிய நெருப்பு, கிளறவில்லை. பால் நுரைத்துக்கொண்டு விளிம்புவரை ஏறிய கணத்தில் நடுப்பகுதியின் சூடு 92 பாகை. உம்மா வழக்கமாக அடுப்பை அணைப்பது இந்தக் கணத்தில்தான். நெருப்பைக் குறைத்து, அகப்பையால் அடிவரை கிளறிக்கொண்டே இருந்தேன். நுரை அடங்கி, சட்டி முழுவதும் குமிழ் உருளத் தொடங்கியபோது சூடு 100 ஐத் தொட்டிருந்தது.

பால் ஏன் பொங்குகிறது என்றால், சூடேறும்போது அதன் புரதமும் கொழுப்பும் மேலே ஓர் ஏடாகப் படிகின்றன. அடியிலிருந்து வரும் நீராவி அந்த ஏட்டைத் துளைத்துக்கொண்டு போக முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. அடிப்பால் கொதிக்கத் தொடங்கியதற்கு அது அடையாளமே தவிர, சட்டியிலுள்ள பால் முழுவதும் கொதித்ததற்கு அடையாளம் அல்ல. ஒரு லீற்றர் பாலில் இந்த வித்தியாசம் சிறியது. 92 பாகையே கிருமிக்குப் போதுமானது. ஆனால் கந்தூரிக்கோ கலியாண வீட்டுக்கோ பெரிய சட்டியில் பத்துப் பதினைந்து லீற்றர் காய்ச்சும்போது, கிளறாமல் விட்டால் ஓரத்துப் பாலும் மேற்பாலும் எவ்வளவு பின்தங்கி நிற்கும் என்பதைச் சொல்ல முடியாது.

ஆகவே நான் கண்ட முறை இதுதான். நடுத்தர நெருப்பில் கிளறிக் கிளறிச் சூடாக்க வேண்டும். பொங்கி எழும்பும்போது நெருப்பைக் குறைக்க வேண்டும், அணைக்கக் கூடாது. அடிவரை கிளறியபடியே முழுவதும் குமிழிட்டுக் கொதிக்க விட்டு, அதன்பின் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் வைத்திருந்து இறக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் சட்டியின் எல்லா மூலைக்கும் சூடு சேர்வதற்கான கூடுதல் காவல். அதற்கு மேல் கொதிக்க வைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு எதுவுமில்லை.

சத்துக்கு என்ன ஆகிறது?

பாலை நாம் குடிப்பது முக்கியமாகப் புரதத்துக்கும் கல்சியத்துக்குமே. இவை இரண்டும் ஆவியாகிற பொருள்கள் அல்ல. ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலீற்றர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. காய்ச்சிய பிறகும் ஏறத்தாழ அவ்வளவும் இருக்கும். சட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் படிவோடு போவது மிகச் சிறிதளவே. கிளறினால் அதுவும் குறையும்.

பாற்புரதத்தின் பெரும்பகுதி கேசீன். அது கொதியைத் தாங்கும். மற்றைய பகுதியான மோர்ப்புரதம் 70 பாகையைத் தாண்டியதும் சுருண்டிருந்த தன் வடிவத்தை இழந்து அவிழ்ந்துவிடுகிறது. முட்டை அவியும்போது நடப்பதும் இதுதான். அவித்த முட்டையில் புரதம் போய்விட்டது என்று நாம் சொல்வதில்லையே. பாலிலும் அப்படித்தான். வடிவம் மாறுகிறது, உணவாகப் பயன்படுவது மாறவில்லை. மேலே படியும் ஏட்டில் கொழுப்பும் இந்தப் புரதமும் சேர்ந்திருக்கின்றன. அதை வழித்து எறிந்தால் சத்து அங்கேதான் போகிறது, ஆவியில் அல்ல. கரைத்தோ தின்றோவிடலாம்.

கொழுப்பும், அதில் கரைந்திருக்கும் விற்றமின் ஏயும் சிறிது நேரக் கொதியால் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. குறைவன நீரில் கரையும் சில விற்றமின்கள்தாம். பி1, பி12, போலேற் ஆகியவை சிறிது நேரம் கொதித்தால் பத்தில் ஒன்று முதல் கால்வாசி வரை குறையலாம். விற்றமின் சீயும் குறையும். ஆனால் பாலில் அது முதலிலேயே மிகச் சொற்பம். ஒரு கொய்யாப் பழத்தின் சிறு துண்டு அதை ஈடுசெய்துவிடும். பி2 என்ற விற்றமின் சூட்டைத் தாங்கும், ஆனால் வெளிச்சத்தைத் தாங்காது. கண்ணாடிப் போத்தலில் பாலை வெயில் படும் படியில் வைத்துவிட்டுப் போவதால் இழப்பது அதைத்தான். மாமி பயந்த இழப்பு அடுப்பிலே அல்ல, வாசற்படியிலே நடக்கிறது.

மூத்தம்மாவின் முறையில் மட்டும் கணக்கு மாறுகிறது. சத்து இழப்பு கொதிக்கும் நேரத்தோடு கூடிக்கொண்டே போகிறது. மூன்று தடவையும் சேர்த்து அரைமணி நேரம் கொதித்தால் பி12 இல் பாதிவரைகூடப் போய்விடலாம். நான் அளந்து பார்த்த நாளில் காலையில் ஒரு லீற்றராக இருந்த பால் மாலையில் ஏறத்தாழ முக்கால் லீற்றராக இருந்தது. போனது தண்ணீர். அதனால்தான் பால் தடித்து, இனித்து, 'சத்தான பால்' போல நாக்குக்குத் தெரிகிறது. ஒரு கோப்பைக்குக் கணக்குப் பார்த்தால் அதில் கல்சியம் கூடுதல்தான். ஆனால் முழுப் பாலுக்கும் பார்த்தால் ஒரு துளியும் கூடவில்லை. கால் லீற்றர் தண்ணீரும் கொஞ்சம் விற்றமினும் எரிவாயுவும்தான் போயின.

ஆனாலும் மூத்தம்மாவைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் குடும்பம் நடத்திய காலத்தில் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. கூரையின் கீழே 30 பாகையில் இருக்கும் பாலை மாலைவரை காப்பாற்ற அவருக்கு இருந்த ஒரே வழி திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுதான். அந்தக் காலத்துக்கு அது சரியான விடை. கேள்வி மாறிவிட்டது, அவ்வளவே.

கொதியால் ஆகாதவை

கொதித்த பால் கிருமியே இல்லாத பால் அல்ல. சில பற்றீரியாக்கள் வித்திகளாக மாறிக் கொதியையும் தாங்கிக் கிடக்கும். பால் ஆறி வெதுவெதுப்பாக நிற்கும்போது அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். அதனால் காய்ச்சுவதைப் போலவே ஆறவைப்பதும் முக்கியம். மூடிய சட்டியை அடுப்பிலேயே விட்டபோது மூன்று மணி நேரம் கழித்தும் பால் வெதுவெதுப்பாகவே இருந்தது. அதே அளவு பாலைச் சட்டியோடு குளிர்ந்த நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்தில் வைத்துக் கிளறியபோது இருபது நிமிடத்துக்குள் ஆறிவிட்டது. பிறகு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். குடிக்கும்போது வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுத்துச் சூடாக்கினால் போதும்.

இன்னொன்று, காய்ச்சுவதற்கு முன் நடப்பது. அஸருக்கு வந்த பாலை, பிறகு பார்ப்போம் என்று மேசையில் வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு காய்ச்சுகிறோம் என்று வையுங்கள். அரைமணிக்கு ஒரு முறை பற்றீரியா இரட்டிக்குமானால் மூன்று மணி நேரத்தில் ஒன்று அறுபத்து நான்காகும். ஸ்ரபைலோகொக்கசு என்ற ஒரு வகை அப்படிப் பெருகும்போது ஒரு நஞ்சையும் பாலில் விடும். காய்ச்சினால் பற்றீரியா செத்துப்போகும், நஞ்சு போகாது. குடித்த சில மணி நேரத்தில் வாந்தி வருவது இதனால்தான். எனவே வந்த பாலை வந்தவுடனே காய்ச்ச வேண்டும். முடியாவிட்டால் உடனே குளிரில் வைக்க வேண்டும்.

நேரம் கடந்த பால் சில வேளை தானாகவே காட்டிக்கொடுக்கும். புளிப்பு ஏறிய பால், குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத் தெரிந்தாலும், கொதிக்கும்போது திரைந்துவிடும். அப்படித் திரைந்த பாலைச் சீனி போட்டுச் சமாளிக்காமல் ஊற்றிவிடுவதே நல்லது. ஆனால் திரையாத பால் எல்லாம் நல்ல பால் என்று இதைத் திருப்பிச் சொல்ல முடியாது. புரூசெல்லா உள்ள பால் திரையவே திரையாது. மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்தின் மிச்சம் பாலில் இருந்தால் அதுவும் கொதியால் நீங்காது. மருந்து போட்ட மாட்டின் பாலைக் குறித்த நாள்கள்வரை விற்காமல் இருப்பது மாட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது. பால்காரக் காக்காவிடம் இதை நான் கேட்டேன். "ஊசி போட்டா கண்டுக்குட்டிக்கும் குடுக்கிறல்ல மகள்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

கடைசியில் ராத்தாவிடம் சொன்னது இவ்வளவுதான். பச்சைப் பாலைத் தேநீரில் ஊற்ற வேண்டாம். ஒரு முறை முழுவதும் கொதித்து இரண்டு நிமிடம் நின்ற பால் போதும். உடனே ஆறவைத்துக் குளிரில் வை. இதுவரை குடித்ததைப் பற்றிக் கிளினிக்கில் மறைக்காமல் சொல். அவள் சொன்னாள். காய்ச்சல் இருந்ததா என்று விசாரித்து, இல்லை என்றதும், காய்ச்சலோ உடம்பு நோவோ வந்தால் உடனே வரும்படி சொல்லி அனுப்பினார்கள். அவ்வாறு எதுவும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மாமியிடம் பேசியது நான் அல்ல, மூத்தம்மாதான். 60 பாகைக் கணக்கை நான் அவருக்கு விளக்கியிருந்தேன். அவர் அதைத் தன் பாஷையில் சொன்னார்: "மாமி, கொதிச்ச தண்ணியில பச்சத் தண்ணிய சரிபாதி ஊத்தினா அதுல முட்ட அவியுமா? அவியாதுதானே? அப்ப கிருமி மட்டும் எப்புடிச் சாகும்?" மாமி சிரித்துவிட்டார்.

மூத்தம்மா இப்போது பாலை ஒரு தடவைதான் காய்ச்சுகிறார். பொங்கி வரும்போது நெருப்பைக் குறைத்து, அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி, மெல்ல மூன்று முறை சலவாத்து ஓதிவிட்டு இறக்குகிறார். ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்து அளந்தேன். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அது போதும்.